கட்டணம் யார் தலையில்? OUR, SHA, BEN: வெளிநாட்டிலிருந்து வன்னிக்கு வரும் பணம் பற்றிய கேள்விகள்

அண்ணன் கனடாவிலிருந்து 2,000 அமெரிக்க டொலர் அனுப்பினார். கணக்கில் விழுந்தது அதைவிடக் குறைவு. மிச்சம் எங்கே போனது?

பெரும்பாலும் அது வழியில் கழிந்திருக்கும். கனடாவில் உள்ள ஒரு வங்கிக்கும் கொழும்பில் உள்ள ஒரு வங்கிக்கும் நேரடிக் கணக்குத் தொடர்பு இருப்பது அரிது. அமெரிக்க டொலர் என்றால், இரண்டு வங்கிகளும் கணக்கு வைத்திருக்கிற ஓர் அமெரிக்க வங்கி நடுவில் நின்று, ஒன்றின் கணக்கில் பற்று வைத்து மற்றதின் கணக்கில் வரவு வைக்கும். சில வேளைகளில் அப்படி இரண்டு வங்கிகள் நடுவில் நிற்கும். இவற்றை இடைவங்கிகள் என்கிறோம். செய்த வேலைக்கான கூலியை, கடந்து போகும் தொகையிலிருந்தே எடுத்துக்கொண்டு மீதியை முன்னே அனுப்புவது அவற்றின் வழக்கம்.

கிளிநொச்சியில் ஒரு வங்கிக் கிளையின் கருமபீடத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வங்கி அனுப்பும் பணச் செய்தி, அதாவது யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல், கிளைக்கு வருவதில்லை. அது கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்தின் வெளிநாட்டுப் பணப் பிரிவுக்கு வந்து, அங்கே கட்டணம் கழிக்கப்பட்டு, ரூபாயாக மாற்றப்பட்டு, பின்னர்தான் உங்கள் கணக்கில் வரவாகிறது. கிளையில் இருப்பவர் திரையில் காண்பது பெரும்பாலும் இறுதித் தொகையை மட்டுமே. ஆகவே அவரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. அவரிடம் எந்தத் தாளைக் கேட்பது என்பது தெரிந்திருந்தால் போதும். அதைக் கீழே சொல்கிறேன்.

OUR, SHA, BEN என்று மூன்று இருக்கிறதாம். அவை என்ன சொல்கின்றன?

கட்டணத்தை யார் சுமப்பது என்பதை வழியிலுள்ள வங்கிகளுக்கு அனுப்புபவர் தெரிவிக்கும் குறியீடுகள் அவை. OUR என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது. எழுதிய தொகை குறையாமல் போய்ச் சேர வேண்டும். SHA என்றால் பங்கிடுதல்: அனுப்பும் வங்கியின் கட்டணம் அனுப்புபவருக்கு, அதற்குப் பின்னால் வருகிற இடைவங்கி, பெறும் வங்கி ஆகியவற்றின் கட்டணங்கள் பெறுபவருக்கு. BEN என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் உட்பட அனைத்தும் பெறுபவருடையது. தொகை புறப்படும்போதே குறைந்துதான் புறப்படும்.

SHA என்பதைப் பாதிக்குப் பாதி என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியொரு பாதி எங்கும் இல்லை. அனுப்பும் வங்கியின் வாசலில் ஒரு கோடு போடப்படுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள். இந்தப் பக்கத்தில் எத்தனை இடைவங்கிகள் நிற்கின்றன என்பது அனுப்பும் நேரத்தில் இருவருக்குமே தெரியாது.

மூன்றிலும் கடைசியில் கைக்கு எவ்வளவு வரும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

புதுக்குடியிருப்பில் ஒரு குடும்பம் குழாய்க்கிணறு அடிக்க ஒப்பந்தக்காரருடன் 6 இலட்சம் ரூபாய் பேசியிருக்கிறது, பணம் கணக்கில் விழுந்த அன்றே முழுவதையும் கொடுப்பதாக வாக்கு என்று வைத்துக்கொள்வோம். கனடாவில் இருக்கும் தமையன் 2,000 டொலர் அனுப்புகிறார். கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒரு டொலருக்கு 300 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அனுப்பும் வங்கியின் கட்டணம் 25 டொலர், நடுவில் நிற்கும் ஒரே இடைவங்கி 18 டொலர், பெறும் வங்கி 5 டொலருக்குச் சமமான தொகை. இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள்; வங்கிக்கு வங்கி மாறும்.

SHA போட்டால், தமையனின் கணக்கிலிருந்து 2,000 டொலரும் அதற்கு மேல் 25 டொலரும் போகும். 2,000 டொலர் புறப்பட்டு, இடைவங்கியில் 18 கழிந்து 1,982 ஆகக் கொழும்பை அடையும்; அங்கே 5 கழிந்து 1,977 ஆகும். ரூபாயில் 5,93,100. ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க 6,900 ரூபாய் குறைகிறது.

BEN போட்டால், தமையனுக்குப் போவது சரியாக 2,000 டொலர் மட்டுமே. அனுப்பும் வங்கி அதற்குள்ளிருந்தே 25 டொலரை எடுத்து 1,975 டொலரை அனுப்பும். 18 கழிந்து 1,957, பின்னர் 5 கழிந்து 1,952. ரூபாயில் 5,85,600. குறைவு 14,400 ரூபாய்.

OUR போட்டால், தமையன் 2,000 டொலருக்கு மேல் தன் வங்கியின் 25 டொலரையும், அப்பாலுள்ள கட்டணங்களுக்காக அந்த வங்கி கேட்கும் இன்னொரு தொகையையும் கட்ட வேண்டும். அந்த இரண்டாவது தொகையைப் பல வங்கிகள் முன்கூட்டியே ஒரே எண்ணாக நிர்ணயித்து வைத்திருக்கும். இங்கே 30 டொலர் என்று கொள்வோம். அவரிடமிருந்து போவது மொத்தம் 2,055 டொலர். புதுக்குடியிருப்பில் விழுவது 2,000 டொலருக்கான 6,00,000 ரூபாய்.

இப்போது மூன்றையும் வேறு விதமாகப் பாருங்கள். SHA இல் 2,025 போய் 1,977 வந்தது. இழப்பு 48 டொலர். BEN இல் 2,000 போய் 1,952 வந்தது. அதுவும் 48 டொலரே. கழிவு ஒரு சதமும் மாறவில்லை; அனுப்புபவருக்குத் தனியாகத் தெரிந்த 25 டொலர், BEN இல் தொகைக்குள் மறைந்து விட்டது, அவ்வளவுதான். OUR இல் இழப்பு 55 டொலர். வழியில் உண்மையில் கழிய இருந்த 23 டொலருக்காக 30 டொலர் கொடுத்திருக்கிறார்கள். அந்த மேலதிக 7 டொலர், தொகை குறையாது என்ற உறுதிக்குக் கொடுத்த விலை.

அப்படியென்றால் OUR தானே எப்போதும் நல்லது?

இல்லை. பெறுபவருடைய கையில் முழுத்தொகை விழுவதைப் பார்ப்பவர்கள் OUR மலிவு என்று எண்ணிவிடுகிறார்கள். அனுப்புபவரின் பக்கத்தில் அதுவே பெரும்பாலும் அதிக விலையுள்ளது.

நான் கேட்கும் முதல் கேள்வி, இந்தத் தொகை ஓர் எண்ணுக்குச் சரியாகப் பொருந்த வேண்டுமா என்பதே. காணி உறுதி எழுதும் நாளில் கொடுக்க வேண்டிய மீதிப்பணம், உழவு இயந்திரத்தின் தவணை, ஒப்பந்தக்காரருக்கான தொகை, மருத்துவமனைக் கட்டணம் போன்றவற்றில் 6,900 ரூபாய் குறைந்தால், அந்தக் குறைவை நிரப்ப இன்னொரு முறை அனுப்ப வேண்டியிருக்கும். இன்னொரு முறை அனுப்பினால் கட்டணங்கள் யாவும் இன்னொரு முறை. அங்கே OUR க்கான 7 டொலர் வீணல்ல. அம்மாவின் மாதச் செலவுக்காக வருகிற பணத்துக்கு அப்படி ஓர் எண் கிடையாது. ஒரே குடும்பத்தின் பணம் இந்தச் சட்டைப் பையிலிருந்து கழிந்தால் என்ன, அந்தச் சட்டைப் பையிலிருந்து கழிந்தால் என்ன. அங்கே SHA போதும்.

இந்தக் கட்டணங்கள் பெரும்பாலும் தொகையைப் பொறுத்து வளர்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன 48 டொலர், 2,000 டொலரில் நூற்றுக்கு 2.4. அதே 48 டொலர் 200 டொலரில் நூற்றுக்கு 24. மாதம் 200 டொலராகப் பத்து மாதம் வங்கி வழியே அனுப்புவதும் ஒரே தடவையில் 2,000 அனுப்புவதும் ஒன்றல்ல. சிறு தொகைக்கு மூன்று குறியீடுகளில் எதைத் தெரிவு செய்தாலும் அது நல்ல தெரிவாக இராது.

BEN ஐ நான் யாருக்கும் சொல்வதில்லை, ஒரே ஓர் இடத்தைத் தவிர: அனுப்புபவர் தன் கணக்கில் உள்ள மீதி முழுவதையும் துடைத்து அனுப்பி அந்தக் கணக்கை மூடுகிறார் என்றால், கட்டணத்துக்கென்று தனியாகக் காசு ஒதுக்க முடியாது, அப்போது BEN பொருந்தும்.

OUR போட்டுத்தான் அனுப்பினார்கள். ஆனாலும் குறைந்துதான் வந்தது. எங்கே பிழை?

மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்.

முதலாவது, OUR உண்மையில் பதிவாகாமல் போயிருக்கலாம். செயலியில் கட்டணத் தெரிவு ஒரு சிறிய வரியாக அடியில் இருக்கும். மாற்றாமல் விட்டால் SHA என்றே போய்விடும். அனுப்பியவர் நினைவிலிருந்து சொல்வதை நம்பாமல் அவருடைய பற்றுச்சீட்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, OUR என்பது வழியிலுள்ள வங்கிகளுக்கு இடப்படும் அறிவுறுத்தல் மட்டுமே. அதைப் பூட்டி அனுப்ப முடியாது. முறையாக நடந்தால், இடைவங்கி தன் கூலியைத் தொகையிலிருந்து எடுக்காமல், பின்னர் அனுப்பிய வங்கியிடம் தனியாகக் கேட்டு வாங்கும். சில இடைவங்கிகள் அதைச் செய்யாமல் கையில் கிடைத்த தொகையிலேயே கழித்துவிடும். அனுப்பும் வங்கிகள் சில, தங்கள் OUR கட்டணம் எந்த இடைவங்கி வரை செல்லும் என்பதைக் கட்டண அட்டவணையின் அடிக்குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றன. அந்த அடிக்குறிப்பை அனுப்பும் முன் வாசிப்பது நல்லது.

மூன்றாவது, கொழும்பில் பெறும் வங்கி வழக்கம்போலத் தன் உள்வரவுக் கட்டணத்தை எடுத்திருக்கலாம். இது என்னுடைய சொந்த வீட்டிலேயே நடந்தது. அப்பாவின் கண் சத்திர சிகிச்சைக்காக இலண்டனில் இருக்கும் மைத்துனர் 1,500 பவுண்களை OUR போட்டு அனுப்பினார். அன்றைய வீதத்தில் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 2,000 ரூபாய் குறைந்தது. மைத்துனர் தன் வங்கியைத் திட்டினார். அந்த வங்கி இடைவங்கியைக் காட்டியது. நான் இங்கே உள்வந்த செய்தியின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். கொழும்புக்கு வந்து சேர்ந்த தொகை முழுமையாக 1,500 பவுண், குறியீடு OUR. வழியில் யாரும் தொடவில்லை. எங்கள் ஊர் வங்கியின் கணினியே, குறியீட்டைப் பார்க்காமல், எல்லா உள்வரவுக்கும் எடுப்பதைப் போல எடுத்திருந்தது. பிரதியை இணைத்து ஒரு கடிதம் கொடுத்தேன். மூன்று கிழமைகளில் காசு திரும்பி வந்தது. கேட்காதவர்களுக்கு அது வந்திருக்குமா என்பது வேறு கதை.

அந்தப் பிரதியை எப்படிக் கேட்பது? அதில் எதைப் பார்ப்பது?

உங்கள் கிளையில், "உள்வந்த பணச் செய்தியின் பிரதி வேண்டும்" என்று கேளுங்கள். பல அலுவலர்களுக்கு MT103 என்றால் உடனே விளங்கும். நடுவில் ஒரேயோர் இடைவங்கி SHA இன் கீழ் 18 டொலர் கழித்த மேலேயுள்ள எடுத்துக்காட்டில், கொழும்புக்கு வந்த செய்தியின் தேவையான வரிகள் இப்படி இருக்கும்:

```
:32A:250408USD1982,
:33B:USD2000,
:71A:SHA
:71F:USD18,
```

33B என்ற வரி அனுப்புபவர் அறிவுறுத்திய தொகை. 32A இல் முதல் ஆறு எண்கள் நாள், அதாவது 2025 ஏப்ரல் 8. பின்னால் இருப்பது உண்மையில் கைமாறிய தொகை. எண்ணுக்குப் பின்னால் தொங்கும் காற்புள்ளியைப் பிழை என்று எண்ண வேண்டாம். இந்தச் செய்திகளில் தசமப் புள்ளியாக அதுவே எழுதப்படுகிறது. 71A கட்டணக் குறியீடு. 71F வழியில் கழித்தவரின் தொகை; இரண்டு வங்கிகள் கழித்திருந்தால் இந்த வரி இரண்டு முறை வரும். OUR என்றால் 71F வரக்கூடாது என்பது செய்தியின் விதி; அதற்குப் பதிலாக, பெறும் வங்கிக்கென அனுப்புபவர் முன்கூட்டியே கட்டிய தொகை 71G என்ற வரியில் வரலாம்.

இனி வாசிப்பது எளிது. 32A உம் 33B உம் ஒரே தொகையாக இருந்து கணக்கில் மட்டும் குறைந்திருந்தால், கழித்தது உங்கள் வங்கி, அல்லது காரணம் நாணய மாற்று வீதம். 32A குறைவாக இருந்தால், கழிவு வழியில். 71A இல் OUR என்றிருக்க 32A குறைந்திருந்தால், அனுப்பியவர் தன் வங்கியிடம் முறையிடலாம். ஏனென்றால் அந்தக் கட்டணத்தை அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார்.

இதில் ஒரு பொறி உண்டு. அனுப்பியவர் தன் வங்கியிலிருந்து எடுத்து வட்சப்பில் அனுப்பும் பிரதி, பணம் புறப்பட்ட வேளையின் படம். அதற்குப் பின் வழியில் நடந்த கழிவு அதில் தெரியாது. அதில் எப்போதும் 2,000 என்றே இருக்கும். அதைக் காட்டி "முழுவதும் அனுப்பியாயிற்று, உங்கள் வங்கிதான் எடுத்தது" என்று சொல்வது நியாயமல்ல. கொழும்புக்கு வந்து சேர்ந்த செய்தியின் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

2025 நவம்பரோடு வங்கிகளுக்கிடையிலான எல்லை கடந்த பணச் செய்திகள் புதிய வடிவத்துக்கு மாறிவிட்டன. உங்களுக்குத் தரப்படும் பிரதி புதிய வடிவில் இருந்தால், 71A க்குப் பதிலாக `ChrgBr` என்ற சொல்லைத் தேடுங்கள். அங்கே `DEBT` என்றால் OUR, `SHAR` என்றால் SHA, `CRED` என்றால் BEN. `InstdAmt` அறிவுறுத்திய தொகை. `IntrBkSttlmAmt` கைமாறிய தொகை. `ChrgsInf` கழித்தவரின் கணக்கு. பெயர்தான் மாறியது, வாசிக்கும் முறை அதேதான்.

கூடவே `UETR` என்ற, கோடுகளோடு சேர்த்து 36 எழுத்துகள் கொண்ட இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே இலக்கம் முதல் வங்கி முதல் கடைசி வங்கி வரை மாறாமல் வருவதால், பணம் எந்த வங்கியில் எப்போது நின்றது, எங்கே கழிந்தது என்பதை அனுப்பிய வங்கி அதை வைத்துத் தேடிச் சொல்ல முடியும்.

போன மாதமும் SHA, இந்த மாதமும் SHA. போன மாதம் ஒன்றும் கழியவில்லையே?

பாதை மாறியிருக்கும். அனுப்பும் வங்கி எந்த இடைவங்கியைப் பிடிப்பது என்பது அதன் உள் ஏற்பாடு. ஒரு மாதம் இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரே வங்கி வழியாகப் போன பணம், அடுத்த மாதம் இரண்டு வங்கிகளைக் கடக்கலாம். செய்தி நேராகக் கொழும்புக்கும், பணம் மட்டும் வேறு வழியாக வங்கிக் கணக்குகளுக்கிடையேயும் போகும் முறையொன்றும் உண்டு. அதில் நடுவில் நிற்பவர் உங்கள் தொகையைத் தொட வாய்ப்பு குறைவு. உங்களால் கட்டுப்படுத்த முடியாத விடயம் இது.

நாணயத்தை மாற்றிப் பார்க்கலாம். இங்கிலாந்திலிருந்து அனுப்புபவர் டொலருக்குப் பதிலாகப் பவுணாகவே அனுப்பினால், இங்கேயுள்ள வங்கி இலண்டனில் பவுண் கணக்கு வைத்திருக்கும் பட்சத்தில் ஓர் இடைவங்கி குறையலாம்.

OUR க்குக் காசு கட்டுவதற்குப் பதில், SHA இல் கொஞ்சம் கூட்டி அனுப்பினால் போதாதா?

போதும், பாதையும் கழிவும் உங்களுக்குத் தெரிந்திருந்தால். நம் எடுத்துக்காட்டில் 2,023 டொலரை SHA இல் அனுப்பினால் 18 உம் 5 உம் கழிந்து சரியாக 2,000 நிற்கும். தமையனுக்குச் செலவு 2,048, OUR ஐ விட 7 டொலர் குறைவு. ஆனால் அன்று பாதையில் இன்னொரு வங்கி வந்து சேர்ந்துவிட்டால் மறுபடியும் பற்றாக்குறை. நான் சொல்வது, முதலில் ஒரு தடவை சாதாரணத் தேவைக்கு SHA இல் அனுப்பிப் பார்த்து, அந்தப் பிரதியில் கழிவு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, பின்னர் பெரிய தொகைக்குச் சில பத்து டொலர் மேலதிகமாகச் சேர்த்து அனுப்பலாம். மிச்சம் வந்தால் அது வீட்டில்தானே இருக்கப் போகிறது. ஒரு சதமும் கூடவோ குறையவோ கூடாத இடத்தில் இந்த வழி வேண்டாம்.

பிரான்சில் இருக்கும் தம்பி தன்னுடைய செயலியில் SHA மட்டுமே இருப்பதாகச் சொல்கிறார். சட்டம் அப்படியாமே?

சட்டம் இருப்பது உண்மை. அது உங்களைத் தொடாது. அனுப்பும் வங்கியும் பெறும் வங்கியும் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்புக்குள் இருந்தால் கட்டணம் பங்கிடப்பட வேண்டும் என்று அங்குள்ள கொடுப்பனவுச் சேவைகள் பற்றிய பணிப்புரை சொல்கிறது. 2018 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. பிரான்சிலிருந்து ஜேர்மனிக்கோ நோர்வேக்கோ அனுப்பும்போது அது பொருந்தும். பெறும் வங்கி இலங்கையில் இருப்பதால் அந்தக் கட்டுப்பாடு இங்கே இல்லை. தம்பியின் செயலியில் SHA மட்டும் இருப்பது அந்த வங்கியின் ஏற்பாடு. கிளைக்குப் போய்ப் படிவத்தில் கேட்டால் சில வங்கிகளில் OUR கிடைக்கும்.

கட்டணம் எல்லாம் சரி. ஆனால் டொலரைப் பெருக்கிப் பார்த்தால் ரூபாய் இன்னும் குறைகிறது. OUR அதையும் மூடாதா?

மூடாது. மூன்று குறியீடுகளும் கட்டணத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன; நாணய மாற்று வீதத்தைப் பற்றி அவை ஒரு சொல்லும் சொல்வதில்லை. 2,000 டொலரில் ஒரு டொலருக்கு 3 ரூபாய் குறைந்தால் 6,000 ரூபாய். அது 20 டொலருக்குச் சமம். நாம் இவ்வளவு நேரம் பேசிய இடைவங்கிக் கட்டணத்தை விடப் பெரியது.

நீங்கள் பெருக்கிய வீதம் எது என்பதை முதலில் பாருங்கள். கைத்தொலைபேசியில் தேடினால் வருவது நடு வீதம். அந்த விலைக்கு எந்த வங்கியும் வாங்குவதில்லை. கணக்குக்கு வரும் பணத்துக்குப் பொருந்துவது வங்கியின் பலகையில் TT என்று எழுதப்பட்டிருக்கும் கொள்வனவு வீதம். கையில் கொண்டு போகும் நோட்டுக்கான வீதம் அதிலிருந்து வேறுபடும். இலங்கை மத்திய வங்கி நாள்தோறும் TT கொள்வனவு, விற்பனை வீதங்களை வெளியிடுகிறது. அதோடு ஒப்பிட்டால் உங்கள் வங்கி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது தெரியும். அனுப்புபவருடைய வங்கி "ரூபாயாகவே மாற்றி அனுப்புகிறோம்" என்று சொன்னால், அது தரும் வீதத்தை இங்குள்ள பலகையோடு ஒப்பிட்ட பின்பே சம்மதிக்க வேண்டும்.

பணம் அனுப்பும் செயலிகளில் இந்த மூன்றும் வருவதே இல்லையே?

அவற்றின் வழி வேறு. ஒரு கட்டணத்தையும் ஒரு வீதத்தையும் முன்னரே காட்டி, இங்கே இத்தனை ரூபாய் விழும் என்று சொல்லிவிடுவதால், பங்கிட எதுவும் மிஞ்சுவதில்லை. மாதச் செலவுக்கான சிறு தொகைக்கு அவற்றின் ரூபாய் எண்ணையும் வங்கி வழியான இறுதி எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்டியலைப் பற்றியும் கேட்பார்கள்: அங்கே கட்டணம் வீதத்துக்குள் இருக்கிறது, அது அனுமதி பெற்ற வழியல்ல, பணம் வராவிட்டால் காட்டுவதற்கு ஒரு தாளும் இராது.

கணக்கு இலக்கம் பிழையாகி பணம் திரும்பிப் போனால் OUR க்குக் கட்டியது திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. வேலை நடந்துவிட்டது என்பதே வங்கிகளின் நிலைப்பாடு. திரும்பும் வழியில் இடைவங்கி மறுபடியும் கழிக்கலாம். ஆகவே 2,000 ஆகப் போனது அதைவிடக் குறைவாகத் திரும்பும். இங்கே அதிகம் நடப்பது பெயர்ப் பிழைதான்: தேசிய அடையாள அட்டையில் தந்தையின் பெயர் முன்னால், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும், அனுப்புபவர் எழுதியது வீட்டுப் பெயர். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, அதில் உள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே பதியச் சொல்லுங்கள்.

மகன் வெளிநாட்டில் படிக்கிறான். இங்கிருந்து கட்டணம் கட்டும்போது எதைப் போடுவது?

OUR. பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவு வந்த தொகையை இன்வொய்ஸில் உள்ள தொகையோடு ஒப்பிடும். 4,000 பவுண் கேட்டு 3,985 வந்தால், மீதி 15 பவுண் மகனின் பெயரில் நிலுவையாக நிற்கும். அந்த 15 பவுணை அனுப்ப இங்கே கட்டும் கட்டணம் அதைவிடப் பெரிதாக இருக்கும். வங்கியில் நிரப்பும் படிவத்தில் வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யாருடையது என்று ஒரு கட்டம் உண்டு. வெறுமையாக விட்டால் அலுவலர் வழக்கமாகப் போடுவதைப் போட்டுவிடுவார். ஆகவே அதை உங்கள் கையாலேயே குறியுங்கள். மாணவர் இலக்கத்தைச் செய்தி எழுதும் கட்டத்தில் தவறாமல் எழுதுங்கள். பிரதியையும் அன்றே வாங்கி மகனுக்கு அனுப்பி விடுங்கள். தொகை குறைந்து சேர்ந்ததாக அங்கிருந்து கடிதம் வந்தால், பல்கலைக்கழகத்தின் வங்கிக்கு வந்து சேர்ந்த தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, அதையும் உங்கள் பிரதியையும் இங்குள்ள கிளையில் கொடுத்தால், OUR க்காக நீங்கள் கட்டிய கட்டணத்தை வைத்து அவர்கள் இடைவங்கியிடம் விசாரிக்க வேண்டும்.